பார்ட்னர் இடத்தில் கிங் ஆஃப் வாண்ட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மந்தைவெளியில் என் வீட்டு முன்னறையில் டாரட் பார்க்கிறேன். உறவு பற்றிக் கேட்க வருகிறவர்களைக் கிங் ஆஃப் வாண்ட்ஸ் அளவுக்கு வேறு எந்தக் கார்டும் குழப்பியதில்லை. பாதிப் பேர் “நல்ல கார்டாச்சே” என்று சந்தோஷப்படுகிறார்கள். மீதிப் பேர் முகம் சுருங்கிப் போகிறது. இவர் வழி நடத்துகிற லீடரா, ஈகோவா என்பதுதான் எல்லாருடைய சந்தேகமும். ரீடிங் முடிந்து போன பிறகும் ஃபோனில் அதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருப்பதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பார்ட்னர் இடத்துல கிங் ஆஃப் வாண்ட்ஸ் வந்திருக்கு. நல்லதா, கெட்டதா?

அந்த ஒரு கார்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்த ராஜா ஒரு அறைக்குள் வந்தால் அறையே அவர் பக்கம் திரும்பும். யோசனை அவரிடமிருந்து வரும், வேகம் அவரிடமிருந்து வரும், மற்றவர்கள் பின்னால் நடப்பார்கள். அதுவரை கார்டே சொல்லிவிடுகிறது. பின்னால் நடக்கிறவர்கள் விரும்பி நடக்கிறார்களா, வேறு வழியில்லாமல் நடக்கிறார்களா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கான பதில் இந்தக் கார்டில் இல்லை, சுற்றியுள்ள கார்டுகளில் இருக்கிறது. அதிலும் முக்கியமாக, உங்கள் இடத்தில் விழுந்த கார்டில்.

பார்ட்னர் இடம்னு எதைச் சொல்றீங்க? எனக்கு வேற ஒருத்தர் வேற மாதிரி வெச்சுப் பாத்தாங்க.

ஸ்ப்ரெட், அதாவது கார்டுகளைப் பரப்பி வைக்கும் முறை, மாறினால் இடமும் மாறும். நான் உறவுக் கேள்விக்கு ஐந்து கார்டு வைக்கிறேன். இடது பக்கம் கேட்பவர், வலது பக்கம் பார்ட்னர், நடுவில் இருவருக்கும் இடையே இருப்பது. நடுக்கார்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் இந்த உறவைத் தாங்கிக்கொண்டிருப்பது, மேலே அடுத்த மூன்று மாதம்.

எந்த ஸ்ப்ரெட்டாக இருந்தாலும் கார்டைக் கலைப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த இடம் “அவர் எப்படி இருக்கிறார்” என்பதா, “நான் அவரை எப்படிப் பார்க்கிறேன்” என்பதா? இரண்டும் ஒன்றல்ல. உங்கள் பார்வையைக் காட்டும் இடத்தில் இந்த ராஜா வந்தால், அவரை நீங்களே சிம்மாசனத்தில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்றுகூடப் படிக்கலாம். கார்டு விழுந்த பிறகு நமக்குச் சாதகமான அர்த்தத்தைத் தேர்ந்தெடுத்தால் அது ரீடிங்கே இல்லை.

படத்துல என்னத்தைப் பாக்கணும்? எனக்கு ஒரு ராஜா உக்காந்திருக்கறது மட்டும்தான் தெரியுது.

நான் பயன்படுத்துவது ரைடர் வெயிட் டெக். 1909-ல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொன்ன திட்டத்தின்படி பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள். கார்டைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். சிம்மாசனத்தின் முதுகில் சிங்கமும் பல்லி போன்ற ஒரு பிராணியும் இருக்கும். அவர் போர்வையிலும் அதே பிராணி. கீழே, காலுக்குப் பக்கத்தில் தரையில், நிஜமாகவே ஒன்று உட்கார்ந்திருக்கும். எங்கள் மேஜையில் இதைப் பார்த்ததும் பலர் பல்லி பலன் கேட்பார்கள். இது நம் சுவர்ப் பல்லி இல்லை. சாலமாண்டர் என்கிற பிராணி. நெருப்புக்குள்ளேயே வாழும் என்பது ஐரோப்பியர்களின் பழைய நம்பிக்கை. வாண்ட்ஸ் நெருப்பின் குடும்பம் என்பதால் அது இங்கே வந்தது.

அப்புறம் கையில் உள்ள கோல். அது வெட்டிச் செதுக்கிய செங்கோல் அல்ல. இலை துளிர்த்திருக்கும் பச்சைக் கொம்பு. இவர் கையில் உயிர் இருக்கிறது, அவர் தொட்டது வளரும் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் அவரைச் சுற்றியுள்ள நிலத்தைப் பாருங்கள், வறண்ட வெளி. துளிர் எல்லாம் அவர் கைக்குள்ளேயே இருக்கிறது, நிலத்துக்கு இறங்கவில்லை. லீடரா, ஈகோவா என்று நீங்கள் கேட்பது இந்த ஒரே படத்துக்குள் இரண்டுமாக இருக்கிறது.

இன்னொன்று, அவர் நேராக நம்மைப் பார்ப்பதில்லை, பக்கவாட்டில் பார்க்கிறார். ஸ்ப்ரெட்டில் விழுந்ததும் அவர் முகம் உங்கள் கார்டின் பக்கம் இருக்கிறதா, வெளியே பார்க்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் கார்டைப் பார்த்தால் அவர் கவனம் உங்கள் மேல் இருக்கிறது என்று படிப்பேன். அந்தக் கவனம் அன்பா கண்காணிப்பா என்பதை மறுபடியும் உங்கள் கார்டுதான் சொல்ல வேண்டும்.

நேரா வந்தா லீடர், தலைகீழா வந்தா ஈகோ. அவ்வளவுதானே?

பல பேர் அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. வெயிட்டே தன் விளக்க நூலில் தலைகீழ் ராஜாவைக் கொடுங்கோலர் என்று எழுதவில்லை. நல்லவர், ஆனால் கடுமையானவர். கண்டிப்பானவர், ஆனாலும் பொறுத்துப் போகிறவர் என்கிற அளவில்தான் சொல்கிறார். நேராக வந்தால் நேர்மையானவர், நட்பானவர் என்கிறார். தலைகீழ் என்றால் அடக்கி ஆள்பவர் என்பது பிற்காலத்தில் கெட்டிப்பட்ட வாசிப்பு.

என் அனுபவத்தில் அடக்கி ஆள்கிற ராஜா பெரும்பாலும் நேராகத்தான் வந்திருக்கிறார். தடையில்லாத நெருப்பு அது. யாரும் “இருங்க” என்று சொல்லவில்லை. தலைகீழாக வந்தபோதோ, பல முறை அந்த ஆளின் நெருப்பு வெளியே போக வழியில்லாமல் இருந்திருக்கிறது. வேலை போயிருக்கும், தொழில் படுத்திருக்கும், அலுவலகத்தில் தன்னைவிடச் சின்னவரின் கீழே உட்கார வேண்டியிருக்கும். வெளியில் காட்ட முடியாத அதிகாரத்தை வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்று காட்டுவார். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாமவருக்கு எல்லை சொல்ல வேண்டும். இரண்டாமவருக்கு எல்லையும் சொல்ல வேண்டும், அவர் எதை இழந்தார் என்றும் கேட்க வேண்டும்.

அவர் சிம்ம ராசி. அதனாலதான் இந்தக் கார்டு வந்துச்சா?

டாரட் புத்தகங்கள் வாண்ட்ஸுக்கு மேஷம், சிம்மம், தனுசு மூன்றையும் நெருப்பு ராசிகளாகச் சேர்ப்பது உண்மை. ஆனால் அவர்கள் சொல்வது மேலைநாட்டு முறைப்படி, பிறந்த தேதியில் சூரியன் இருக்கும் ராசி. நம் வீட்டில் “என்ன ராசி” என்றால் சந்திரன் நின்ற ராசி. அதோடு இரண்டு முறைக்கும் இடையே சுமார் 24 பாகை வித்தியாசம் உண்டு. அவர்களுக்கு மார்ச் 21 வாக்கில் மேஷம் பிறந்துவிடும். நமக்குச் சித்திரை ஒன்று, ஏப்ரல் 14-ல்தான் சூரியன் மேஷத்துக்குள் வரும். ஜாதகத்தில் உள்ள சிம்ம ராசியைக் கொண்டுவந்து இந்தக் கார்டோடு ஒட்டாதீர்கள். ஒட்டினால் “அவர் ராசியே அப்படி, என்ன செய்வது” என்று முடிந்துவிடும். எனக்கு அதுதான் கவலை.

அப்போ எதை வெச்சுத்தான் முடிவு பண்றது?

முதலில் உங்கள் கார்டு. இந்த ராஜாவுக்குப் பக்கத்தில் உங்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் ராஜாவின் தரம். உங்கள் இடத்தில் த்ரீ ஆஃப் வாண்ட்ஸ் வந்தால், அந்த மனிதர் உயரமான இடத்தில் நின்று தூரத்துக் கப்பல்களைப் பார்க்கிறார். அவருக்குச் சொந்தமாக ஒரு தொடுவானம் இருக்கிறது. பக்கத்தில் ராஜா இருப்பது துணை. எய்ட் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் வந்தால், கண்ணும் உடம்பும் கட்டப்பட்டு வாள்களுக்கு நடுவே ஒரு பெண் நிற்கிறாள். அதே ராஜா, அதே நேர் நிலை, ஆனால் வாசிப்பு முழுக்க வேறு.

இரண்டாவது, முடிவு எடுத்த பிறகு வேலையை யார் செய்கிறார்கள் என்று தேடுவேன். ராஜா உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. அவர் வழி காட்டுவார், சுமக்க மாட்டார். ஸ்ப்ரெட்டில் யாரோ சுமந்துகொண்டிருப்பார்கள். அது டென் ஆஃப் வாண்ட்ஸாக வரலாம், குனிந்து உளியால் தட்டிக்கொண்டிருக்கும் எய்ட் ஆஃப் பென்டகிள்ஸாக வரலாம். சுமப்பவர் தெரிந்தே ஒத்துக்கொண்டு சுமக்கிறாரா என்பது அடுத்த கேள்வி.

மூன்றாவது கார்டில் இல்லை. நான் நேராகக் கேட்பேன்: “கடைசியா நீங்க ‘வேண்டாம்’னு சொன்னது எப்போ? சொன்ன அன்னைக்கு ராத்திரி வீட்டுல என்ன நடந்தது?” லீடராக இருப்பவர் வாதாடுவார், குரல் உயரும், சாப்பாட்டு நேரம் வரைகூடக் கோபமாக இருப்பார், ஆனால் மறுநாள் அந்த ‘வேண்டாம்’ அவர் திட்டத்துக்குள் ஒரு மாற்றமாக வந்திருக்கும். ஈகோவாக இருந்தால் ‘வேண்டாம்’ என்றதற்குத் தனியாக ஒரு விலை இருக்கும். மூன்று நாள் பேசாமல் இருப்பது, உங்கள் அம்மா வீட்டைப் பற்றி ஒரு சொல், உறவினர் முன்னால் ஒரு கிண்டல். கடைசியாக ‘வேண்டாம்’ சொன்னது எப்போது என்றே ஞாபகம் வரவில்லை என்றால் அதுவும் எனக்கு ஒரு பதில்தான்.

பக்கத்துல கப்ஸ் வந்தா நெருப்பை அணைச்சிடும், ஸ்வோர்ட்ஸ் வந்தா சண்டைன்னு சொல்றாங்களே?

பூதங்களை வைத்துப் படிக்கும் பழைய முறை அது. வாண்ட்ஸ் நெருப்பு, கப்ஸ் தண்ணீர், ஸ்வோர்ட்ஸ் காற்று, பென்டகிள்ஸ் மண். நெருப்பும் தண்ணீரும் பகை; ஒன்றையொன்று பலவீனப்படுத்தும். காற்றும் மண்ணும் அப்படியே. மற்றவை ஒத்துப் போகும். எனவே ராஜாவுக்குப் பக்கத்தில் கப்ஸ் வந்தால் அவர் வேகம் குறையும் என்பது சரி. ஆனால் அந்தத் தண்ணீரும் அவர் சூட்டில் வற்றும் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கப்ஸ் உங்கள் இடத்தில் இருந்தால், நீங்கள் அவரைச் சமாதானப்படுத்திச் சமாதானப்படுத்தியே களைத்துப் போகிறீர்கள்.

ஸ்வோர்ட்ஸ் விஷயத்தில்தான் ஏமாந்து போகிறோம். வாள் என்றதும் சண்டை என்று நினைக்கிறோம். இந்த முறைப்படி ஸ்வோர்ட்ஸ் காற்று, காற்று நெருப்புக்கு நட்பு. அதாவது வளர்த்துவிடும். இது நடைமுறையில் எப்படித் தெரிகிறது என்பதை அடுத்த பதிலில் ஒரு ரீடிங்கோடு சொல்கிறேன்.

நிஜமா நடந்த ஒரு ரீடிங் சொல்ல முடியுமா?

ஒருவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். ஐப்பசி மழை நேரம். முப்பதுகளில் இருந்த பெண். கணவர் கல்யாண கேட்டரிங் செய்கிறார். கணவரின் அக்கா பையனுக்குக் காதுகுத்து. பந்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது கணவர் எழுந்து, மேடவாக்கத்தில் ஒரு மண்டபத்தின் சமையல் ஒப்பந்தத்தை எடுக்கப்போவதாகவும் தை மாதம் குடும்பத்தோடு அங்கேயே குடிபோவதாகவும் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். இந்தப் பெண்ணுக்கும் அப்போதுதான் தெரியும். கையில் வெற்றிலைத் தட்டோடு நின்று அவரும் சிரித்திருக்கிறார். என்னிடம் அவர் கேட்டது: “அவர் என்னை முன்னால கூட்டிட்டுப் போறாரா, இழுத்துட்டுப் போறாரா?”

பார்ட்னர் இடத்தில் கிங் ஆஃப் வாண்ட்ஸ், நேராக. அந்தப் பெண்ணின் இடத்தில் டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ்: கண்ணைக் கட்டிக்கொண்டு, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு வாள்களைப் பிடித்து, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பெண். நடுவில் சிக்ஸ் ஆஃப் வாண்ட்ஸ்: தலையில் வெற்றி மாலையோடு குதிரையில் ஒருவர், கீழே நடந்து வருகிறவர்கள். அடியில் டென் ஆஃப் வாண்ட்ஸ்: பத்துக் கொம்புகளை மார்போடு அணைத்து, முகம் அதற்குள் புதைந்து, குனிந்து நடப்பவர். மேலே பேஜ் ஆஃப் கப்ஸ்: கோப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் மீனோடு நிற்கும் இளைஞர்.

நடுக்கார்டு காதுகுத்து நாளின் படம் போலவே இருந்தது. இந்தக் கல்யாணத்தில் இருவருக்கும் இடையே இருப்பது ஊர்வலம். அவர் குதிரையில், மனைவி கூட்டத்தில். சிக்ஸ் ஆஃப் வாண்ட்ஸ் கெட்ட கார்டே இல்லை, உண்மையான வெற்றி அது. கணவர் கெட்டிக்காரர், ஒப்பந்தமும் நல்ல ஒப்பந்தம். கெடுதல் வேறு இடத்தில். மனைவியிடம் தனியாகச் சொல்ல வேண்டியதையும் அவர் கூட்டத்தில் சொல்லியே பழகிவிட்டார். கூட்டத்தில் யாரும் “இருங்க, யோசிக்கலாம்” என்று சொல்ல முடியாது.

அப்புறம் அவருடைய கார்டு. டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ் காற்று. அந்தப் பெண் எதிர்க்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை, மௌனமாக இருந்தார். மௌனம் தன்னைக் காப்பாற்றும் என்பது அவர் எண்ணம். மேலே சொன்ன முறைப்படி காற்று நெருப்பை வளர்க்கும். அவருடைய ஒவ்வொரு மௌனத்தையும் கணவர் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு அடுத்த முடிவுக்குப் போனார். இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் அந்தக் கண்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியது யார் என்று படத்தில் இல்லை. கைகளில் வாள் இருப்பதால் அவிழ்க்கவும் முடியாது. வாளைக் கீழே வைத்தால்தான் அவிழ்க்க முடியும்.

டென் ஆஃப் வாண்ட்ஸுக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. ஒரு தாளைக் கொடுத்து “இந்தக் கொம்பு ஒவ்வொண்ணும் என்னன்னு எழுதுங்க” என்றேன். ஜிஎஸ்டி கணக்கை ஆடிட்டருக்கு அனுப்புவது, காய்கறி மண்டிக்குப் பாக்கி கொடுப்பது, சமையல்காரர்களின் முன்பணக் கணக்கு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, மகளின் பள்ளி வேன், கேஸ் சிலிண்டர், கணவருக்கு வரும் ஃபோனில் பாதி. ஏழு வரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார். கணவர் கொடுக்கும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் பின்னால் இந்த ஏழும் கூடிக்கொண்டே போயிருக்கின்றன, அவர் எண்ணியதில்லை.

அதனால் என் வாசிப்பு கொடுங்கோலர் என்று போகவில்லை. எண்ணிப் பார்க்காத லீடர் என்று போனது. ஆனால் அப்படியே விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதையும் சொன்னேன். பேஜ் ஆஃப் கப்ஸ் இந்த ஸ்ப்ரெட்டில் இருந்த ஒரே தண்ணீர், அதுவும் சின்னத் தண்ணீர். இவ்வளவு நெருப்பின் முன்னால் பெரிய சண்டை எடுபடாது. ஆளில்லாத நேரத்தில், ஒரே ஒரு விஷயம், எதிர்பாராத விதமாக. மீன் கோப்பையிலிருந்து எட்டிப் பார்ப்பதைப் போல.

எம்பரர் வந்தாலும் இதேதானே அர்த்தம்?

இல்லை. எம்பரரின் சிம்மாசனம் கல், அதில் ஆட்டுக்கடாத் தலைகள், அங்கிக்குள் கவசம். அவர் ஆள்வது விதியால். “இந்த வீட்டுல ஒன்பது மணிக்கு மேல வெளியே போறதில்லை” என்றால் அவர் ஊரில் இல்லாதபோதும் அது நடக்கும். வாண்ட்ஸ் ராஜா ஆள்வது தன் இருப்பால். அவர் வந்தால் வீடு சூடேறும், அவர் போனால் எல்லாரும் சோபாவில் கால் நீட்டுவார்கள். அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் வீட்டில் பேச்சு மாறுகிறதா, குழந்தைகள் ஓடிப்போய்க் கதவு திறக்கிறார்களா, புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்பேன்.

என் இடத்துல குயின் ஆஃப் வாண்ட்ஸ் வந்திருக்கு. அப்போ ஜோடிப் பொருத்தம் சூப்பர்தானே?

பலம் சமமாக இருக்கிறது, அது நல்லது. சூரியகாந்தியும் காலடியில் கறுப்புப் பூனையுமாக அவரும் தனக்கென்று ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இருவருமே உட்கார்ந்திருக்கிறார்கள். மற்ற மூன்று கார்டிலும் சுமப்பவரைக் காணவில்லை என்றால், வீட்டில் மூன்றாவது ஆள் யாரோ சுமக்கிறார். பெரும்பாலும் இருவரில் ஒருவருடைய அம்மா.

வெளியில எல்லாரும் அவரைக் கொண்டாடுறாங்க. வீட்டுல மட்டும் வேற ஆளு. கார்டு எந்த ஆளைக் காட்டுது?

கேள்வி உறவைப் பற்றியது என்பதால் வீட்டில் இருக்கும் ஆளைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ராஜாவுக்கு இரண்டு முகம் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவருக்குச் சபை வேண்டும். அலுவலகத்தில், குடியிருப்போர் சங்கத்தில், கோயில் திருப்பணிக் குழுவில் அவர் சொல்வதைக் கேட்டுப் பாராட்ட ஆள் இருக்கிறார்கள். வீட்டில் அவரை இருபது வருடமாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கை தட்டமாட்டார்கள். பாராட்டு இல்லாத இடத்தில் இவர் எப்படி இருக்கிறார் என்பது நல்ல அளவுகோல். அலுத்துப்போய்ப் பேசாமல் டிவி பார்க்கிறார் என்றால் அது ஒரு மாதிரி. பாராட்டை வற்புறுத்தி வாங்குகிறார் என்றால் வேறு மாதிரி.

இன்னும் ஒன்றைப் பார்ப்பேன். தப்பு செய்தால் எங்கே ஒத்துக்கொள்கிறார்? பத்துப் பேர் முன்னால் உங்களைத் திட்டிவிட்டுப் படுக்கையறையில் மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகவில்லை. திட்டிய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் “நான் சொன்னது தப்பு” என்று சொல்ல முடிந்தவரை நான் லீடர் பக்கம் வைப்பேன். அப்படி ஒரு தடவையாவது நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

என் பார்ட்னர் பொண்ணு. ராஜா வரலாமா? பிசினஸ் பார்ட்னருக்குப் பாத்தாலும் இதேதானா?

தாராளமாக வரலாம். ராஜா என்பது ஒரு நடத்தை, உடம்பு அல்ல. மாமியார்களுக்கும் மேலாளர்களுக்கும் இந்தக் கார்டு வந்து பார்த்திருக்கிறேன். பிசினஸ் பார்ட்னர் என்றால் வாசிப்பு ஏறக்குறைய அதேதான். ‘வேண்டாம்’ சொன்ன ராத்திரிக்குப் பதிலாக, கையெழுத்து அதிகாரம் யாரிடம், வங்கிக் கணக்கை யார் பார்க்க முடியும் என்று கேட்பேன்.

மூணு தடவை எடுத்தேன், ரெண்டு தடவை இதே கார்டு. இது உறுதிதானே?

மொத்தம் 78 கார்டு. ஐந்து கார்டு வைத்தால் குறிப்பிட்ட ஒரு கார்டு எங்காவது வருவதற்கு ஏறக்குறைய 16-ல் ஒரு வாய்ப்பு. குறிப்பிட்ட இடத்தில் வருவதற்கு 78-ல் ஒன்று. அதனால் அதே இடத்தில் இரண்டு முறை வந்தால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் எடுத்த கார்டுகளை மேலேயே வைத்து மூன்று முறை லேசாகக் கலைத்து மறுபடி எடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். மேஜையில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி இரண்டு கையாலும் நன்றாகக் கலந்தால்தான் பழைய வரிசை உடையும்.

அதைவிட, ஒரே கேள்விக்கு மூன்று முறை எடுக்க வைத்தது எது என்று யோசியுங்கள். முதல் பதில் பிடிக்காமல் எடுத்திருந்தால் மூன்றாவதும் பிடிக்காது. ஒரு ரீடிங்கைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஆறு வாரமாவது விடுங்கள். அதற்குள் மேலே சொன்ன ‘வேண்டாம்’ கேள்விக்கு வீட்டிலேயே ஒரு பதில் கிடைத்துவிடும்.

சம்பளம் வந்ததும் ஏடிஎம் கார்டை அவர் வாங்கி வெச்சுக்குவார். ஃபோனை தினமும் பாப்பார். ஆனா கார்டு நேராத்தான் வந்திருக்கு. அப்போ அக்கறைதானே?

இல்லை. இந்தக் கேள்விக்கு நான் கார்டைப் பார்க்கவே மாட்டேன். பணம், ஃபோன், அம்மா வீட்டுக்குப் போவது, தோழியோடு பேசுவது, இவற்றை ஒருவர் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டால் அதன் பெயர் கட்டுப்பாடு. கை ஓங்கினால் இன்னும் மேலே. கார்டு எந்தப் பக்கம் விழுந்தாலும் அது மாறாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை. வார்த்தையாலும் பணத்தாலும் வதைப்பதையும் வன்முறை என்றே எழுதியிருக்கிறது. 181 என்பது பெண்களுக்கான உதவி எண். அவர் பார்க்காத ஒரு ஃபோனிலிருந்து கூப்பிடுங்கள்.

இப்படி ஒருவர் வந்தால் நான் ரீடிங்குக்குப் பணம் வாங்குவதில்லை, கார்டைக் கட்டி வைத்துவிட்டுப் பேசுவேன். “ராஜா நேரா வந்திருக்கார், மனசு நல்லவர், பொறுத்துப் போங்க” என்று இந்த இடத்தில் சொல்லும் ரீடரிடம் மறுபடி போகாதீர்கள்.

ரீடிங்ல வந்ததை அவர்கிட்ட சொல்லலாமா?

“கார்டுல உங்களுக்கு ஈகோன்னு வந்திருக்கு” என்று சொல்லவே சொல்லாதீர்கள். இந்த ராஜா அதை, முகம் தெரியாத மூன்றாவது ஆள் முன்னால் தன்னை நிறுத்தியதாகத்தான் எடுத்துக்கொள்வார். கார்டைப் பற்றிப் பேசாமல், கார்டு காட்டிய விஷயத்தைப் பேசலாம். முந்தின கேள்வியில் சொன்ன நிலைமை வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம்.

அந்த கேட்டரிங் வீட்டுப் பெண், ஏழு வரி எழுதிய தாளை வீட்டுக்கு எடுத்துப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் இல்லாத நாள், மாமியார் தூங்கிக்கொண்டிருந்த மத்தியானம், காபியோடு அதை வைத்திருக்கிறார். “மேடவாக்கம் போனா இது பன்னிரண்டாகும். இதுல எதை நீங்க எடுத்துக்கறீங்க?” என்று மட்டும் கேட்டாராம். கணவர் முதலில் சிரித்தார், அப்புறம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். ராத்திரி வந்து மண்டி பாக்கியையும் சமையல்காரர் கணக்கையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். குடிபோவதைப் பள்ளி முடியும் வரை தள்ளி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஃபோன் செய்தபோது மண்டி பாக்கி மறுபடி இவர் கைக்கே வந்திருந்தது. தாளை இன்னொரு முறை எடுத்து வைக்கப்போவதாகச் சொன்னார்.